மோரில் கலந்த ரெசின்

மாட்டுங்காவில் நான் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில், என் மேசைமீது எப்போதும் ஒரு கண்ணாடிக் குழல் நிற்கும். அதற்குள் வெளிர்மஞ்சள் நிறத்தில் ரெசின் மணிகள். கரைசலை மேலிருந்து ஊற்றினால், எதிர்மின் அயனிகளை இந்த மணிகள் பற்றிக்கொண்டு, தம்மிடமுள்ள குளோரைடை விட்டுக்கொடுக்கும். நான்கு ஆண்டுகளாக இவற்றோடுதான் வாழ்கிறேன். இதே இனத்துப் பொருளை ஒவ்வோர் இரவும் தாராவியில் மோரில் கலக்கி என் அம்மா குடிக்கும் நாள் வரும் என்று நினைத்ததில்லை. அம்மாவின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். "எழுது. எத்தன பேரு வெளிய சொல்லாம இருக்காளோ" என்பது அவள் சொன்ன சொல். பதிவு சற்று நீண்டுவிட்டது.

சென்ற ஆண்டு ஜூன் மாத மழையில் அம்மாவின் பித்தப்பையை எடுத்தார்கள். விலா எலும்புக்குக் கீழே இரண்டு முறை தாங்கமுடியாத வலி வந்து, ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. அறுவை தேவையானதுதான், அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. வயிற்றில் நான்கு சிறு துளைகள், மூன்றாம் நாள் வீடு. இந்தியாவில் இந்தத் துளைவழிப் பித்தப்பை அறுவையை 1990இல் முதன்முதலில் செய்தவர் தெஹெம்டன் உத்வாடியா. செய்த இடம் இதே மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனை. அதற்கு முன் வயிற்றை நீளமாகக் கீறி, வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். இப்போது நோயாளி விரைவில் வீடு திரும்புகிறார். நல்ல மாற்றம்தான். ஆனால் தையல் ஆறியதும் நோயாளியும் மருத்துவரும் ஒருவரையொருவர் மறந்துவிடுகிறார்கள். அறுவைக்குப் பின் ஆறாம் வாரத்தில் மலம் எப்படிப் போகிறது என்று கேட்பதற்கு அந்த ஏற்பாட்டில் ஆள் இல்லை.

முதல் சில வாரங்கள் வயிறு இளகியிருப்பது பலருக்கும் உள்ளதே, தானே சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலோர்க்கு அப்படித்தான் ஆகிறது. அம்மாவுக்கு ஆகவில்லை. நாளைக்கு ஆறு முறை, ஏழு முறை. நீராக, மஞ்சளாக, எரிச்சலோடு. எல்லாவற்றையும்விடக் கொடியது அதன் அவசரம். உணர்வு வந்தபின் இரண்டு மூன்று நிமிடம்கூடப் பொறுக்கமுடியாது.

இந்த இரண்டு மூன்று நிமிடத்தின் பொருள் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் சந்திலிருந்து பொதுக் கழிப்பிடத்துக்கு நடக்கவே நான்கு நிமிடம். காலை ஐந்தரைக்குப் பின் போனால் அங்கே வரிசை. அம்மா செம்பூரில் ஒரு வீட்டில் காலைச் சமையல் செய்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டின் இட்லி, சட்னி, சாம்பார் எல்லாம் அவள் கையால்தான். அந்த வீட்டுக் கழிப்பறை மட்டும் அவளுக்கு இல்லை. ஆகவே ஜூலைக்குப் பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள்: வேலை முடிந்து பதினொன்றரைக்கு வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இது எனக்கு நவம்பரில்தான் தெரிந்தது. அதுவும் அவள் சொல்லித் தெரியவில்லை. தீபாவளிக்கு எடுத்த ரவிக்கை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. எடை பார்த்தபோது நான்கு கிலோ குறைந்திருந்தாள். இரண்டு முறை சேலையிலேயே போய்விட்டதாம். ஒன்று சயான் நிலையத்துப் படிக்கட்டில்.

அந்த ஐந்து மாதத்தில் அவள் மருந்தே எடுக்காமலில்லை. பக்கத்து மருத்துவர் இருமுறை கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்தார். பிறகு ஒருவர் இது குடலின் பதற்றம், மனக்கவலை என்று சொல்லித் தூக்கம் வரும் மாத்திரை எழுதினார். எதிர்வீட்டு ஆச்சி மட்டும், "ஒடம்புல பித்தம் கூடிப்போச்சுட்டி, அதான் இப்பிடி" என்றாள். நாம் எல்லாவற்றுக்கும் பித்தத்தைக் காரணம் சொல்லும் இனம் என்பதால் நான் அதைக் காதில் வாங்கவில்லை. மயக்கம் வந்தாலும் பித்தம், கால் வெடித்தாலும் பித்தம். ஆச்சியின் வாழ்நாளில் அந்தச் சொல் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்தது அந்த ஒருமுறையாகத்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி அளந்து எழுதுவது. ஒரு கோடு போட்ட நோட்டில் பதினான்கு நாள் எழுதினேன்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குப் போனாள், நீரா குழம்பா, இரவில் எழுந்தாளா. முதலில் அம்மா சிரித்தாள். பிறகு அவளே நேரம் சொல்லத் தொடங்கினாள். இரண்டாம் வாரத்தில் இரண்டு செய்திகள் நோட்டிலிருந்து எழுந்து வந்தன. ஒன்று, நாளின் முதல் உணவு எப்போது உள்ளே போனாலும், அதற்கு அரைமணி நேரத்துக்குள் மூன்று முறை அடுத்தடுத்துப் போனாள். இன்னொன்று, செவ்வாய்க்கிழமைகள். அன்று அவள் மாலை விளக்கேற்றும்வரை விரதம். இரு செவ்வாயிலும் பகல் முழுவதும் ஒருமுறைகூடப் போகவில்லை. விரதம் முடித்து உண்டபின்தான் தொடங்கியது. கிருமியால் வரும் பேதி நாள்கிழமை பார்ப்பதில்லையே என்று தோன்றியது.

அந்த நோட்டோடு செம்பூரில் ஒரு இரைப்பை குடல் மருத்துவரிடம் போனோம். தமிழர், ஐம்பது வயது இருக்கும். நோட்டைப் புரட்டிவிட்டு அம்மாவிடம் மூன்று கேள்விகள் கேட்டார். "அம்மா, இது பித்தப்பை எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்துச்சா?" இல்லை. "ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்புதா?" சில நாள் எழுப்பும். "ரத்தம் போச்சா, சாயங்காலம் காய்ச்சல் வருதா?" இல்லை. இரண்டாம் கேள்வியின் பொருளை எனக்குப் பிறகு விளக்கினார். பதற்றத்தால் வரும் குடல் தொல்லை பெரும்பாலும் தூங்குபவரை எழுப்புவதில்லை. எழுப்புகிறது என்றால் குடலுக்குள் ஏதோ ஒரு பொருள் வேலை செய்கிறது என்று கருதவேண்டும்.

இங்கே மும்பைக்கே உரிய ஒரு திருப்பம் உண்டு. அவருக்கு முதல் பார்வையிலேயே பித்த அமிலம்தான் காரணம் என்று தோன்றியிருக்கிறது. ஆயினும் உடனே மருந்து எழுதவில்லை. பித்த அமிலங்களை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. குடல் காசநோய் மிகவும் விரும்பிக் குடியேறும் இடமும் அதுவே. அந்தப் பகுதி காசநோயால் புண்பட்டிருந்தால் பித்த அமிலம் பெருங்குடலுக்கு ஒழுகி இதே பேதியைத் தரும். அப்போது பேதியை மட்டும் கட்டினால் நோய் உள்ளே வளரும். தாராவியிலிருந்து நான்கு கிலோ இழந்து வரும் ஒரு பெண்ணுக்கு இதைப் பார்க்காமல் விடமுடியாது என்றார். ஆகவே இரத்தப் பரிசோதனை, தைராய்டு, கோதுமை ஒவ்வாமைக்கான சோதனை, மலத்தில் கிருமியும் அழற்சியும் உண்டா என்ற சோதனை, கடைசியில் பெருங்குடல் வழியாகச் சிறுகுடலின் முனைவரை கேமராக் குழாயை விட்டுச் சதைத் துணுக்கு எடுத்தல். எல்லாம் தெளிவாக வந்தன. எடை குறைந்தது நோயால் அன்று, பயந்து பட்டினி கிடந்ததால்.

இனி அந்தப் பொறிமுறை. எங்கள் சந்தில் தண்ணீர் காலையில் சில மணி நேரம்தான் வரும்; எல்லோர் வீட்டிலும் நீலநிற டிரம் உண்டு. கல்லீரலைக் குழாய் என்று கொண்டால் பித்தப்பை அந்த டிரம். கல்லீரல் கொழுப்பிலிருந்து பித்த அமிலங்களைச் செய்து விட்டுக்கொண்டே இருக்கும். பித்தப்பை அதைச் சேர்த்துச் செறிவாக்கி, நாம் உண்ணும்போது மட்டும் சுருங்கிக் குடலுக்குள் ஊற்றும். உடலில் மொத்தமாக உள்ள பித்த அமிலம் மூன்று கிராம் அளவே. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைக்கும் குறைவு. அந்தச் சிறு அளவே கொழுப்பைக் கரைத்து, சிறுகுடலின் முனைக்கு வந்து, அங்கே சுமார் 95 விழுக்காடு மீண்டும் உறிஞ்சப்பட்டு, இரத்தவழியே கல்லீரலுக்குத் திரும்பி, ஒரே நாளில் பலமுறை சுற்றிவருகிறது. டிரம்மை எடுத்துவிட்டால் குழாய் இரவும் பகலும் நேரே குடலுக்குள் ஒழுகும். சுற்று வேகமாகும். பெரும்பாலோரின் சிறுகுடல் முனை இந்தக் கூடுதல் வேலையைத் தாங்கிக்கொள்கிறது. சிலருக்கு மிச்சம் பெருங்குடலுக்குள் சிந்துகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை வேறு அமிலங்களாக மாற்ற, அவை குடற்சுவரைத் தூண்டி நீரைச் சுரக்கவைக்கின்றன. குடலின் அசைவையும் முடுக்குகின்றன. நீர், மஞ்சள் நிறம், எரிச்சல், அவசரம் நான்கும் ஒரே காரணத்தின் விளைவுகள். இரவெல்லாம் சிறுகுடலில் தேங்கியதை நாளின் முதல் உணவு ஒட்டுமொத்தமாகக் கீழே தள்ளுகிறது. நோட்டில் கண்ட அரைமணி நேரம் அதுதான்.

இதே அறுவையைச் செய்துகொண்ட அடுத்தவருக்கு ஏன் இல்லை என்பது முழுதும் தீர்ந்த கேள்வி அன்று. ஒரு துப்பு உண்டு. சிறுகுடல் முனை, போதுமான பித்த அமிலம் திரும்ப வந்துவிட்டது என்பதைக் கல்லீரலுக்கு எஃப்.ஜி.எஃப்.19 என்ற ஹார்மோன் மூலம் அறிவிக்கிறது; கல்லீரல் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. வெளிப்படையான காரணமின்றிப் பித்த அமிலப் பேதி வருபவர்களிடம் இந்த ஹார்மோன் குறைவாக இருப்பதை 2009இல் லண்டனில் ஜூலியன் வால்டர்ஸ் குழுவினர் காட்டினர். தகவல் போய்ச் சேராததால் குழாய் மூடப்படுவதில்லை. அம்மாவிடமும் இப்படி ஒரு குறை முன்பே இருந்து, பித்தப்பை அதை மறைத்துவந்ததா என்று நான் யோசிப்பதுண்டு. இது என் ஊகம் மட்டுமே.

நோயை உறுதிசெய்ய ஒரு நேர்த்தியான சோதனை இருக்கிறது. சீகேட் என்று அழைக்கிறார்கள். கதிரியக்கச் செலினியம் பொருத்திய செயற்கைப் பித்த அமிலத்தை மாத்திரையாக விழுங்கவைத்து, அன்றும் ஏழாம் நாளும் உடலில் அது எவ்வளவு இருக்கிறது என்று காமா கேமராவால் அளக்கிறார்கள். ஏழாம் நாள் 15 விழுக்காட்டுக்கும் குறைவாகத் தங்கியிருந்தால் நோய் உண்டு. 5 விழுக்காட்டுக்கும் குறைவென்றால் கடுமையானது. பிரிட்டனில் இது வழக்கமான சோதனை. அமெரிக்காவில் அனுமதி இல்லை. அம்மாவை அதற்கு அனுப்ப எங்கள் மருத்துவருக்கு இங்கே இடமில்லை. ஆகவே மருந்தையே சோதனையாகக் கொள்வோம் என்றார்.

அந்த மருந்துதான் கொலஸ்டைரமின். சீட்டில் அந்தப் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டைரீன் சங்கிலிகளின் மேல் நேர்மின் அம்மோனியக் குழுக்கள், அவற்றோடு குளோரைடு. என் மேசைக் குழலில் இருப்பதன் உடன்பிறப்பு. இது நீரில் கரையாது, செரிக்காது, இரத்தத்தில் சேராது. குடலில் எதிர்மின் சுமையோடு வரும் பித்த அமிலத்தைப் பற்றிக்கொண்டு குளோரைடை விட்டுவிட்டு, மலத்தோடு வெளியேறும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தப் பயன்பாடு இருக்கிறது. சிறுகுடல் முனையை வெட்டி எடுத்த நோயாளிகளின் பேதிக்கு இது பலனளிப்பதை ஆலன் ஹாஃப்மனும் உடன் ஆய்ந்த போலியும் 1969இல் எழுதினர்.

ஒரு பொட்டலம் 4 கிராம். உலர்ந்த தூளாக வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துவிடும். ஒரு தம்ளர் நீரிலோ மோரிலோ தூவி, சில நிமிடம் ஊறவிட்டு, கலக்கிக் குடிக்கவேண்டும். "மணலக் கரைச்சுக் குடிச்சாப்ல இருக்குட்டி" என்றாள் அம்மா. மோரில் பெருங்காயமும் உப்பும் போட்டதும் பொறுத்துக்கொண்டாள். முதல் நாள் மாற்றமில்லை. மூன்றாம் நாள் மூன்று முறை. ஐந்தாம் நாள் காலை ஒரே முறை, உருவான மலம். கழிப்பிடத்திலிருந்து வந்து வாசலில் நின்றவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் இரண்டு தோசை ஊற்றி, காலை ஆறு மணிக்கு, ஏழு மாதத்துக்குப் பின் முதன்முறையாக, வேலைக்குப் போகுமுன் சாப்பிட்டாள்.

இரண்டாம் வாரம் அளவை இரண்டு பொட்டலமாக உயர்த்திப் பார்த்தோம். மூன்று நாள் மலமே இல்லை, வயிறு உப்பிக்கொண்டது. மீண்டும் ஒன்றுக்கே இறங்கினோம். இந்த மருந்தைப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்றார் மருத்துவர். சுவையையும் உப்புசத்தையும் தாங்காதவர்க்குக் கொலிசெவலாம் என்ற மாத்திரை வடிவ மாற்று இருக்கிறது.

அடுத்து வந்த பிழை முழுக்க என்னுடையது. அம்மா பல ஆண்டாக விடியற்காலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போடுபவள். ரெசினை ஐந்தரைக்குக் கொடுத்தேன். தைராய்டு மாத்திரையை முதலில் விழுங்கிவிட்டாளே, போதும் என்று எண்ணினேன். ரெசினுக்குப் பித்த அமிலம் இன்னது, மருந்து இன்னது என்று தெரியாது. தைராக்சின் உறிஞ்சப்படுவதற்குள் பின்னால் வந்த ரெசின் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஆறாம் வாரம் அம்மா எப்போதும் அசதியாக இருந்தாள், பிப்ரவரி மும்பையில் போர்வை கேட்டாள், மலச்சிக்கல் திரும்பியது. மலச்சிக்கலுக்கு ரெசின்தான் காரணம் என்று நினைத்துப் பொட்டலத்தைப் பாதியாக்கவும் செய்தேன். இரத்தம் பார்த்தபோது 3 ஆக இருந்த டி.எஸ்.எச். 14 ஆகியிருந்தது. நாள்தோறும் குழலுக்குள் பார்க்கும் வினையை அம்மாவின் வயிற்றுக்குள் எண்ணிப்பார்க்கத் தவறிவிட்டேன்.

விதி எளிது: மற்ற மருந்துகளை ரெசினுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்போ, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பின்போ கொடுக்கவேண்டும், தைராக்சினுக்கு முன்னும் பின்னும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின், இதயத்துக்கான டிகாக்சின் எடுப்பவர்க்கு இதில் தவறினால் விளைவு பெரிது. மருத்துவர் ரெசினை இரவு ஒன்பதரைக்கு மாற்றினார். தைராக்சின் பழையபடி ஐந்து மணிக்கு. இரவில் ஒழுகும் பித்தம் ரெசினில் சிக்கிக்கொள்வதால் காலை அவசரமும் அடங்கியே இருந்தது. டி.எஸ்.எச். இரண்டு மாதத்தில் இறங்கிவிட்டது.

மருந்தால் குணமானதே நோய்க்குச் சான்று என்று சொல்வதில் ஓர் ஆய்வாளராக எனக்குத் தயக்கம் இருந்தது. நம்பிக்கையால் சரியாகியிருக்கலாம், காலப்போக்கில் தானாகவும் சரியாகியிருக்கலாம். மருத்துவரும் இந்தத் தயக்கத்தை மதித்தார். ஏப்ரலில் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தோம். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நான்கு முறை. மீண்டும் தொடங்க, நான்கு நாளில் நின்றது. ஒரே ஆளிடம் செய்த சோதனை, யார் எதைக் குடிக்கிறார் என்பதும் மறைக்கப்படவில்லை. ஆயினும் எனக்கு அது போதுமானதாக இருந்தது. மருந்து கேளாதவர்க்கு இந்த நோய் இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. அளவு போதாமல் இருந்திருக்கலாம். சரியாகக் குடிக்காமலும் இருந்திருக்கலாம். அறுவைக்குப் பின் வரும் பேதி எல்லாமே பித்த அமிலத்தால் வருவதும் அன்று.

உணவில் பெரிதாக எதையும் விலக்கவில்லை. முன்பு பயந்துபோய் எண்ணெயை அறவே விட்டிருந்தாள். இப்போது கொழுப்பை ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துக்கொள்கிறாள். தேங்காய் அரைத்த மீன்குழம்பு உண்டு, அதோடு பொரித்த மீன் மட்டும் இல்லை. நீண்டகாலம் ரெசின் எடுத்தால் கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்கள் குறையலாம், இரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறலாம். ஆண்டுக்கொருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

செம்பூர் வீட்டில் அம்மா இப்போது காலை எட்டரைக்குத் தேநீர் குடிக்கிறாள். கழிப்பறை விஷயத்தை அந்த வீட்டம்மாவிடம் பேசட்டுமா என்று கேட்டேன். "நீ பேசாண்டாம், நானே பேசுதேன்" என்றாள். இன்னும் பேசவில்லை.

சென்ற ஆண்டு கொடைக்கு ஊருக்கு வரமாட்டேன் என்று ஏதேதோ காரணம் சொன்னவள், இந்த முறை தானாகவே திருநெல்வேலிக்கு ரயில் சீட்டு எடுக்கச் சொன்னாள். ஒன்றரை நாள் பயணம். நேற்றிரவு பையை எடுத்துவைத்துக்கொண்டே, ரயிலில் மோர் கிடைக்காதே, தண்ணீரில் கலந்தால் ஆகாதா என்று கேட்டாள். ஆகும் என்றேன். பன்னிரண்டு பொட்டலம் எண்ணி, தைராய்டு மாத்திரை டப்பாவில் சேர்த்துப் போடப்போனவள், நிறுத்தி, வேறொரு டப்பா எடுத்தாள்.